முதலில் உற்பத்தி செய்பவருக்குக் கூடுதல் லாபம் எங்கிருந்து வருகிறது? கூர்னோவும் ஸ்டாக்கெல்பர்க்கும்

கேள்வி: இரண்டு உற்பத்தியாளர்கள் போட்டியிடும் சந்தையை விளக்கும் கூர்னோ மாடலிலும் ஸ்டாக்கெல்பர்க் மாடலிலும் சந்தை ஒன்றுதான், செலவும் ஒன்றுதான். ஆனால் ஸ்டாக்கெல்பர்க்கில் முதலில் முடிவெடுப்பவர் அதிகம் உற்பத்தி செய்து அதிக லாபம் பார்க்கிறார் என்று பாடத்தில் வருகிறது. பின்னால் வருபவருக்குத்தானே கூடுதல் தகவல் இருக்கிறது, அவருக்கு ஏன் நஷ்டம்? அதிகம் உற்பத்தி செய்வதுதான் லாபம் என்றால் கூர்னோவிலேயே அதைச் செய்துவிடலாமே?

பதில்:

அந்த லாபம் கடிகாரத்தில் முந்திக்கொண்டதால் வருவதில்லை. முதல்வர், அதாவது முதலில் நகர்பவர், எடுத்த முடிவை இனி மாற்ற முடியாது என்பதும், அதை இரண்டாமவர் தன் கண்ணால் பார்த்துவிட்டார் என்பதும் சேர்ந்துதான் அந்த லாபத்தைத் தருகின்றன. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கணக்கு கூர்னோ பக்கம் சரிந்துவிடும். இதை ஒரே எடுத்துக்காட்டில் கடைசிவரை போட்டுப் பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டு பகுதிகளுக்கும் விடை கிடைக்கும்.

எடுத்துக்காட்டுக்கு கூர்னோ 1838இல் தன் நூலில் பயன்படுத்திய சூழலையே எடுத்துக்கொள்வோம். ஒரே தரமான தாது நீர் தரும் இரண்டு ஊற்றுகள், ஆளுக்கொன்றாக இரண்டு உரிமையாளர்கள். இருவரும் ஒரே ஊருக்குத் தண்ணீர் விற்கிறார்கள். ஊற்றில் நீர் தானாக வருவதால் உற்பத்திச் செலவு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்கள் மட்டும் கூர்னோவுடையவை அல்ல, கணக்கு எளிதாக வர நான் வைப்பவை. சந்தைக்கு வரும் மொத்தப் பெட்டிகள் Q என்றால் ஒரு பெட்டியின் விலை:

P = 120 − Q, இதில் Q = q1 + q2

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதற்காக, இரண்டு ஊற்றும் ஒருவரிடமே இருந்தால் என்ன நடக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். அவர் 60 பெட்டி விற்பார், விலை 60 பிராங்க், லாபம் 3600. இந்த 60 பின்னால் எதிர்பாராத இடத்தில் மறுபடி வரும்.

இப்போது இரண்டு உரிமையாளர்கள். இருவரும் ஒருவர் அளவு மற்றவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கிறார்கள். "ஒரே நேரத்தில்" என்று பாடம் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். ஒருவர் திங்கட்கிழமையும் மற்றவர் வெள்ளிக்கிழமையும் முடிவெடுத்தாலும், திங்கட்கிழமை முடிவு வெள்ளிக்கிழமைக்காரருக்குத் தெரியாது என்றால் அதுவும் கூர்னோ ஆட்டம்தான்.

மற்றவர் q2 பெட்டி கொண்டுவருவார் என்று முதலாமவர் எதிர்பார்த்தால், அவருக்கு லாபம் q1 × (120 − q1 − q2). இதை உச்சமாக்கும் அளவு:

q1 = (120 − q2) / 2

இதுதான் எதிர்வினைக் கோடு. மற்றவர் ஒரு பெட்டி கூட்டினால் நான் அரைப் பெட்டி குறைப்பது எனக்கு நல்லது என்று அது சொல்கிறது. இந்த "அரை" என்பதை மனதில் வையுங்கள், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. இரண்டாமவருக்கும் இதே கோடுதான். இரண்டும் வெட்டும் இடத்தில் ஆளுக்கு 40 பெட்டி. மொத்தம் 80, விலை 40, ஆளுக்கு 1600 பிராங்க் லாபம்.

இந்த 40இல் ஏன் நிற்கிறது? ஒரு பெட்டி கூடுதலாக விற்றால் ஏறக்குறைய 40 பிராங்க் கையில் வரும். ஆனால் விலை ஒரு பிராங்க் இறங்குவதால், ஏற்கனவே விற்கும் 40 பெட்டிகளிலும் தலா ஒரு பிராங்க் போகும். வந்தது 40, போனது 40. அதனால் நகர்வதில் பயனில்லை. இங்கே அவர் மற்றவரின் அளவு அசையாது என்று வைத்துக் கணக்குப் போடுகிறார் என்பதைக் கவனியுங்கள். அது அவருடைய அறியாமை அல்ல. தன் அளவு மற்றவருக்குத் தெரியாதபோது, அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்றவர் அதற்கேற்ப மாற வழியே இல்லை.

அப்புறம் 1934இல் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டாக்கெல்பர்க் வேறொரு நிலையை ஆராய்ந்தார். ஒருவர் தலைவர், மற்றவர் அவரைப் பார்த்துப் பின்தொடர்பவர். இன்று நாம் இதை இரண்டு கட்ட ஆட்டமாக எழுதுகிறோம். தலைவர் தன் பெட்டிகளை முதலில் ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். பின்தொடர்பவர் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் அளவை முடிவு செய்கிறார்.

இதைப் பின்னாலிருந்து தீர்க்க வேண்டும். கடைசியில் முடிவெடுப்பவர் என்ன செய்வார் என்பது நமக்கு முன்பே தெரியும். தலைவர் q1 இறக்கியிருந்தால் அவர் (120 − q1) / 2 கொண்டுவருவார், அதே எதிர்வினைக் கோடுதான். தலைவர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் தலைவர் சந்திக்கும் விலை:

P = 120 − q1 − (120 − q1)/2 = 60 − q1/2

விலைக்கோட்டின் சரிவு பாதியாகிவிட்டதைப் பாருங்கள். தலைவர் ஒரு பெட்டி கூட்டினால் பின்தொடர்பவர் அரைப் பெட்டி குறைக்கிறார், அதனால் சந்தையில் மொத்தம் கூடுவது அரைப் பெட்டிதான், விலை இறங்குவதும் அரை பிராங்க்தான். இப்போது 40இல் நின்று பழைய கேள்வியைக் கேட்போம். ஒரு பெட்டி கூட்டினால் வருவது ஏறக்குறைய 40. இழப்பது, 40 பெட்டிகளிலும் தலா அரை பிராங்க், அதாவது 20. ஆக 20 பிராங்க் மிச்சம், கூட்டலாம். 50க்குப் போனால் பின்தொடர்பவர் 35 கொண்டுவருவார், விலை 35. இன்னொரு பெட்டிக்கு வருவது 35, போவது 25, இன்னும் கூட்டலாம். 60க்கு வரும்போது பின்தொடர்பவர் 30, விலை 30. வருவது 30, போவதும் 30. தலைவர் இங்கே நிற்கிறார்.

விடை இதுதான்: தலைவர் 60 பெட்டி, பின்தொடர்பவர் 30, மொத்தம் 90, விலை 30. தலைவரின் லாபம் 1800, பின்தொடர்பவரின் லாபம் 900.

தலைவரின் 60, ஒற்றை முதலாளி விற்றிருக்கக்கூடிய அதே 60தான். தேவைக்கோடு நேர்கோடாகவும் இருவரின் அலகுச் செலவும் மாறாமல் சமமாகவும் இருக்கும்போது வரும் பொருத்தம் இது, எல்லாச் சந்தைக்கும் பொருந்தும் விதி அல்ல. தேர்வில் இப்படிப்பட்ட எளிய கணக்கு வந்தால், தலைவரின் அளவு முற்றுரிமை அளவுக்குச் சமமாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், வராவிட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

பொதுவாக எழுதினால், தேவைக்கோடு P = a − bQ, அலகுச் செலவு c எனும்போது:

```
கூர்னோ (ஆளுக்கு):  அளவு (a−c)/3b   லாபம் (a−c)²/9b
தலைவர்:            அளவு (a−c)/2b   லாபம் (a−c)²/8b
பின்தொடர்பவர்:     அளவு (a−c)/4b   லாபம் (a−c)²/16b
```

தலைவரின் அளவு கூர்னோவைவிட 50% கூடுகிறது, லாபம் கூடுவதோ 12.5% மட்டும். பின்தொடர்பவரின் அளவு 25% குறைகிறது, லாபம் 43.75% சரிகிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் பலர் கவனிப்பதில்லை. தலைவர் கூடுதலாகப் பெற்றது 200 பிராங்க், பின்தொடர்பவர் இழந்தது 700. மீதி 500 எங்கே போனது? வாங்குபவர்களிடம் போனது. விலை 40இலிருந்து 30க்கு இறங்கியதால் நுகர்வோர் உபரி, அதாவது வாங்குபவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், 3200இலிருந்து 4050க்கு ஏறுகிறது. இந்த 850இல் 500 உற்பத்தியாளர்களிடமிருந்து வந்தது, மீதி 350 கூடுதலாக விற்ற 10 பெட்டிகளால் புதிதாக உண்டான பயன். ஆக தலைவர் தன் எதிராளியின் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று சொல்வது முழு உண்மை அல்ல. 700இல் பெரும்பகுதியை அவர் ஊராருக்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தன் பங்கைப் பெரிதாக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி சந்தையை நிரப்புவதுதான், நிரப்பினால் விலை இறங்கியே தீரும்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 60 அவ்வளவு நல்லது என்றால் கூர்னோ ஆட்டத்திலேயே முதலாமவர் ஏன் 60 கொண்டுவரக் கூடாது?

கொண்டுவரட்டும். மற்றவருக்கு அது தெரியாது, அவர் 40தான் கொண்டுவருவார். மொத்தம் 100, விலை 20, முதலாமவருக்கு லாபம் 1200. கிடைத்துக்கொண்டிருந்த 1600உம் போய்விட்டது. 60 தன்னளவில் லாபகரமான எண் அல்ல. மற்றவரை 40இலிருந்து 30க்கு இறக்குவதால்தான் அது லாபகரமாகிறது. பார்க்காதவரை இறக்க முடியாது.

"நான் 60 கொண்டுவரப் போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்? இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. மற்றவர் அந்தப் பேச்சை நம்பி 30 மட்டும் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அவர் 30 என்று உறுதியானதும் முதலாமவருக்கு எது சிறந்தது? எதிர்வினைக் கோட்டைப் பாருங்கள்: (120 − 30)/2 = 45. 45 கொண்டுவந்தால் விலை 45, லாபம் 2025. 60 கொண்டுவந்தால் 1800தான். அதாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அவருக்கே 225 பிராங்க் குறைவு. இதை மற்றவரும் கணக்குப் போடத் தெரிந்தவர்தான். "இவர் 60 என்கிறார், கடைசியில் 45தான் கொண்டுவருவார்" என்று நினைத்து அவர் 37.5க்கு ஏறுவார். அதற்கு முதலாமவரின் சிறந்த பதில் 41.25. இப்படியே போனால் இருவரும் 40இல் வந்து சேர்வார்கள். வெறும் பேச்சு கூர்னோவில்தான் கொண்டுவந்து விடும்.

ஆகவே ஸ்டாக்கெல்பர்க் தலைவர் தன் எதிர்வினைக் கோட்டின் மேல் நிற்கவில்லை. எதிராளியின் 30க்குத் தன் சிறந்த பதில் 45 என்று தெரிந்தும், 60இலிருந்து இறங்க முடியாத நிலையில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார். அந்தக் கட்டுதான் அவருடைய பலம். இறக்கிய 60 பெட்டிகளில் 15ஐ யாருக்கும் தெரியாமல் திரும்ப எடுத்துக்கொள்ள வழியிருந்தால், எதிராளி அதையும் எதிர்பார்ப்பார், முதல்வரின் சாதகமும் கரைந்துவிடும்.

பின்தொடர்பவரிடம் கூடுதல் தகவல் இருந்தும் அவருக்கு ஏன் நஷ்டம் என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில்தான். தனியாக முடிவெடுக்கும் ஒருவருக்குக் கூடுதல் தகவல் கெடுதல் செய்யாது, தேவையில்லாவிட்டால் அதைப் புறக்கணித்துவிடலாம். இங்கே நிலைமை வேறு. பின்தொடர்பவர் தகவலைப் பயன்படுத்துவார் என்பது தலைவருக்குத் தெரியும், அதை வைத்தே தலைவர் தன் அளவை அமைக்கிறார். 60 பெட்டி இறங்கிய பிறகு பின்தொடர்பவர் 30 கொண்டுவருவது மிகச் சரியான முடிவு. ஆனால் 60 இறங்கியதே அவர் அப்படிச் சரியாக நடந்துகொள்வார் என்பதால்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் 40தான் கொண்டுவருவார் என்று தலைவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், தலைவரும் 40தான் இறக்கியிருப்பார், இருவருக்கும் 1600 கிடைத்திருக்கும்.

அப்படியானால் பின்தொடர்பவர் "நீ எவ்வளவு இறக்கினாலும் நான் 40தான்" என்று மிரட்டலாமே? மிரட்டலாம். ஆனால் தலைவர் அதைக் காதில் வாங்காமல் 60 இறக்கிவிட்டால் என்ன ஆகும்? 40 கொண்டுவந்தால் விலை 20, லாபம் 800. 30 கொண்டுவந்தால் லாபம் 900. மிரட்டலை நிறைவேற்றினால் அவருக்கே 100 பிராங்க் நஷ்டம், அதனால் நிறைவேற்ற மாட்டார், அதனால் தலைவர் நம்ப மாட்டார்.

கணித ரீதியாகப் பார்த்தால் "தலைவர் 40, பின்தொடர்பவர் எது வந்தாலும் 40" என்பதும் இந்த இரண்டு கட்ட ஆட்டத்தில் ஒரு நாஷ் சமநிலைதான், அதாவது யாரும் தன் உத்தியை மட்டும் தனியாக மாற்றிக் கூடுதல் லாபம் பெற முடியாத நிலைதான். நாஷ் சமநிலை என்ற கருத்து மட்டும் கையில் இருந்தால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும், நடக்காமல் போகும் கிளைகளிலும்கூட, செயல் நியாயமாக இருக்க வேண்டும் என்று ரைன்ஹார்ட் செல்டன் 1965இல் வைத்த நிபந்தனைதான் இந்த வெற்று மிரட்டல்களை வெளியே தள்ளுகிறது. 60-30 என்ற விடை அந்த நிபந்தனையிலிருந்து வருகிறது. மாணவர்கள் விடைத்தாளில் "நாஷ் சமநிலை" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது இந்த இடத்தில் போதாது.

இருவருமே தலைவராக நினைத்தால்? ஆளுக்கு 60 இறக்குவார்கள், மொத்தம் 120, விலை பூஜ்யம், லாபமும் பூஜ்யம். இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஸ்டாக்கெல்பர்க்கே இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். இருவரும் தலைமைக்குப் போட்டியிடும்போது சமநிலையே இருக்காது என்பது அவர் கவலை. யார் முதலில் நகர்கிறார் என்பதை மாடல் நமக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் அதைத் தீர்மானிப்பது வேறு ஏதாவது: யாருக்கு முதலில் உரிமம் கிடைத்தது, யாரிடம் மலிவான தொழில்நுட்பம் இருக்கிறது, யாருக்கு முதலீட்டைத் திரட்ட முடிகிறது என்பவை.

அந்த நிஜத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் 1970களில் நடந்த டைட்டானியம் டை ஆக்சைடு விவகாரம். பெயின்ட்டுக்கும் காகிதத்துக்கும் வெண்மை தரும் நிறமி அது. அதைச் செய்ய டுபான்ட் நிறுவனத்திடம், மலிவான இல்மனைட் தாதுவிலிருந்து குளோரைடு முறையில் எடுக்கும் தொழில்நுட்பம் இருந்தது. (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கப்படுவதும் இந்த இல்மனைட்தான்.) போட்டியாளர்கள் விலை கூடிய ரூட்டைல் தாதுவை நம்பியிருந்தார்கள், அல்லது அதிகக் கழிவு தரும் சல்பேட் முறையைப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் ரூட்டைல் விலை ஏறியது, மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. டுபான்ட்டுக்குச் செலவில் பெரிய சாதகம் கிடைத்தது.

அந்த நேரத்தில் டுபான்ட் விலையை ஏற்றி லாபத்தை அள்ளியிருக்கலாம். செய்தது வேறு. இனி வளரப்போகும் தேவையில் பெரும்பகுதியைத் தானே நிரப்பும் அளவுக்கு ஆலைத் திறனை விரிவாக்க 1972இல் திட்டமிட்டது. மிசிசிப்பி மாநிலத்தின் டிலைல் என்ற இடத்தில் பெரிய ஆலை எழுந்தது. நமது ஊற்றுக் கணக்கின் மொழியில் சொன்னால் இது ஊருக்குள் 60 பெட்டியை இறக்கிவைப்பது. இன்று நாற்பது என்று சொல்லி நாளை மாற்றிக்கொள்ளக்கூடிய மாத உற்பத்தி அளவு அல்ல அது. ஒரு ரசாயன ஆலையில் போட்ட பணத்தை வெளியே எடுக்க முடியாது, ஆலை கட்டப்படுவதை எல்லோரும் பார்க்க முடியும், கட்டிய பிறகு அதை ஓட்டுவதற்கான கூடுதல் செலவு குறைவு. போட்டியாளர்கள் தங்கள் விரிவாக்கத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அவர்களுக்கு நல்லது என்ற நிலையை உருவாக்குவதே நோக்கம்.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1978இல் டுபான்ட் மேல் வழக்குத் தொடுத்தது, சந்தையை முற்றுரிமையாக்க முயல்கிறது என்பது குற்றச்சாட்டு. 1980இல் ஆணையமே அதைத் தள்ளுபடி செய்தது. செலவில் உண்மையான சாதகம் உள்ள ஒரு நிறுவனம் தேவை வளர்ச்சியை எதிர்பார்த்து ஆலை கட்டுவது குற்றம் ஆகாது என்பது அந்த முடிவின் சாரம். மேலே பார்த்த கணக்கில் தலைவரின் செயலால் போட்டியாளர் சுருங்குகிறார், ஆனால் விலை இறங்கி நுகர்வோர் பயனடைகிறார். இந்த வகை வழக்குகள் சிக்கலாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். போட்டியாளர் சுருங்குவதோடு நிற்காமல் வெளியேறிவிட்டால் தலைவர் பின்னாளில் விலையை ஏற்றலாம், அந்தப் பயமும் நியாயமானது. ஒரே ஒரு முறை ஆடி முடியும் நமது ஆட்டம் அந்தப் பிற்காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாற்ற முடியாமை பற்றிப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். "கண்ணால் பார்த்தல்" என்ற மற்ற நிபந்தனை எவ்வளவு மென்மையானது என்பதை கைல் பாக்வெல் 1995இல் காட்டினார். தலைவரின் அளவை எதிராளி மிகச் சிறிய பிழையோடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒரு தடவை எண்ணிக்கை தவறாகத் தெரியலாம், அவ்வளவுதான். பின்தொடர்பவர் "தலைவர் 60தான் இறக்குவார்" என்று உறுதியாக நம்பியிருந்தால், எண்ணிப் பார்க்கையில் 45 என்று தெரிந்தாலும், "எண்ணியதில் பிழை, அவர் 60தான் இறக்கியிருப்பார்" என்று முடிவு செய்து 30தான் கொண்டுவருவார். அப்படியானால் தலைவருக்கு 45க்கு இறங்குவது லாபம், 60 என்ற நம்பிக்கை உடைந்துவிடுகிறது. யாரும் பகடை போட்டுத் தேர்ந்தெடுக்காத தூய உத்திகளில் நிலைத்து நிற்பது கூர்னோவின் 40-40 மட்டுமே. பகடை போடும் கலப்பு உத்திகளையும் அனுமதித்தால், ஸ்டாக்கெல்பர்க் விடைக்கு மிக அருகில் இருக்கும் சமநிலையும் இருக்கிறது என்று பின்னர் ஏரிக் ஃபான் டாமும் ஷாக் ஹர்கென்ஸும் காட்டினார்கள். அதனால் முதல்வரின் சாதகம் பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் போட்டியாளரின் முடிவு தெளிவாக வெளியே தெரியாத சந்தையில் ஸ்டாக்கெல்பர்க் எண்களைத் துணிந்து பயன்படுத்தக் கூடாது.

இன்னும் இரண்டு இடங்களில் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, முதல்வரின் சாதகம் என்றால் தலைவர் பின்தொடர்பவரைவிட அதிகம் சம்பாதிப்பார் என்று பொருள்கொள்வது. இருவரின் செலவும் சமமாக இருக்கும்போது அப்படித்தான் வரும். தலைவருக்குப் பெட்டிக்கு 24 பிராங்க் செலவு, மற்றவருக்குச் செலவே இல்லை என்று மாற்றிப் பாருங்கள். கூர்னோவில் முதலாமவர் 24 பெட்டி, லாபம் 576. இரண்டாமவர் 48 பெட்டி, லாபம் 2304. முதலாமவரைத் தலைவராக்கினால் அவர் 36 பெட்டி, லாபம் 648. மற்றவர் 42 பெட்டி, லாபம் 1764. தலைவர் இன்னமும் எதிராளியைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறார், ஆனாலும் அவருக்கு முதல்வரின் சாதகம் இருக்கிறது. தலைவரின் லாபத்தை அவருடைய சொந்த கூர்னோ லாபத்தோடு ஒப்பிட வேண்டும், எதிராளியின் லாபத்தோடு அல்ல.

மற்றொன்று, முதலில் நகர்வது எங்கும் எப்போதும் நல்லது என்று பொதுமைப்படுத்துவது. அளவில் போட்டியிடும்போது நான் கூட்டினால் நீ குறைக்கிறாய், அதனால்தான் முந்துவது பயன் தந்தது. விலையில் போட்டியிடும்போது நான் விலையை ஏற்றினால் நீயும் கொஞ்சம் ஏற்றுவாய், திசையே மாறிவிடுகிறது. இரண்டு ஊற்று நீருக்கும் சுவை கொஞ்சம் வேறு என்றும், ஒவ்வொருவரின் விற்பனையும்

q1 = 60 − p1 + p2/2, q2 = 60 − p2 + p1/2

என்றும் வைத்துக்கொண்டு விலையை ஒரே நேரத்தில் முடிவு செய்யச் சொன்னால் இருவரும் 40 பிராங்க் வைப்பார்கள், ஆளுக்கு 1600 லாபம். முதலாமவர் விலையை முதலில் அறிவித்து அதை மாற்ற முடியாது என்றால், அவர் ஏறக்குறைய 42.86 வைப்பார், மற்றவர் அதற்குக் கொஞ்சம் கீழே 40.71 வைப்பார். முதலாமவரின் லாபம் சுமார் 1607, இரண்டாமவருடையது சுமார் 1658. இருவருக்கும் முன்பைவிட நல்லதுதான், ஆனால் பின்னால் வந்தவருக்கு அதைவிட நல்லது. ஆகவே எந்தச் சந்தையைப் பார்த்தாலும், அங்கே போட்டி அளவிலா விலையிலா என்று முதலில் கேளுங்கள். ஆலைத் திறன், பயிரிடும் பரப்பு, எண்ணெய்க் கிணறு போன்றவை முதல் வகைக்கு நெருக்கமானவை. அன்றாடம் விலைப் பட்டியலை மாற்றி ஒட்டக்கூடிய கடைகள் இரண்டாம் வகை.

மனிதர்களை உட்காரவைத்து இந்த ஆட்டத்தை ஆடச் செய்த சோதனைகளும் உண்டு. ஹுக், முல்லர், நார்மன் ஆகிய மூவர் 2001இல் வெளியிட்ட சோதனை முடிவில், தலைவர்-பின்தொடர்பவர் சந்தைகளில் மொத்த உற்பத்தி கூர்னோ சந்தைகளைவிட அதிகமாகவே இருந்தது, மாடல் சொல்லும் திசையிலேயே. ஆனால் தலைவர்கள் மாடல் சொல்லும் அளவுக்குத் துணியவில்லை. காரணம் பின்தொடர்பவர்கள். தலைவர் பேராசைப்பட்டுப் பெரிய அளவை இறக்கினால், அவர்கள் தங்களுக்குச் சிறந்த அளவைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்து விலையை உடைத்தார்கள், தங்கள் லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று. நம் ஊற்றுக் கணக்கில், 60ஐப் பார்த்த பின்தொடர்பவர் 30க்குப் பதில் 40 கொண்டுவந்தால் அவருக்கு 100 பிராங்க் இழப்பு, தலைவருக்கு 600 பிராங்க் இழப்பு. தனக்கு ஒரு பங்கு இழந்து எதிராளிக்கு ஆறு பங்கு இழப்பு ஏற்படுத்த முடியும்போது, கோபம் வந்த ஒரு மனிதர் அதைச் செய்துவிடுகிறார். மாடலில் வெற்று மிரட்டலாக இருந்தது, எதிரில் இருப்பவர் அப்படிப்பட்டவர் என்றால் வெற்று மிரட்டல் அல்ல. அவரை எதிர்கொள்ளும் தலைவர் 60க்குப் போகாமல் 50 பக்கத்தில் நின்றுகொள்வது கணக்குத் தெரியாததால் அல்ல.